பழைய ரவுட்டரின் மேக் முகவரியைப் புதிய ரவுட்டருக்குக் கொடுத்தும் நெட் வரவில்லை என்றால்

"ரவுட்டரை மாற்றியதிலிருந்து நெட் வரவில்லை. லைன் பழைய ரவுட்டரின் மேக்கோடு கட்டப்பட்டிருக்கிறதாம். பழைய ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மேக்கைப் புதியதில் போட்டேன், குளோன் பட்டனையும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. எங்கே தப்பு?"

ஸ்டிக்கரில்தான் தப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ரவுட்டருக்கு ஒரே ஒரு மேக் என்று நினைக்கிறோம். உள்ளே பல இருக்கும். வீட்டுப் பக்கம் இருக்கும் LAN துளைகளுக்கு ஒன்று, லைன் வந்து சேரும் WAN துளைக்கு ஒன்று, வைஃபை அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒன்று. லைன் கொடுப்பவரின் சர்வர் பார்ப்பது WAN துளையின் எண்ணை மட்டும்தான். ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பதோ பல மாடல்களில் LAN பக்கத்து எண்.

தொழிற்சாலையில் இந்த எண்களை வழக்கமாக அடுத்தடுத்து வரிசையாகக் கொடுப்பார்கள். ஸ்டிக்கரில் `00:00:5E:00:53:A4` என்று இருந்தால், WAN எண் `00:00:5E:00:53:A5` ஆக இருக்கலாம். கடைசி இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் பூட்டுப் போட்ட லைனுக்கு அதுவே வேறு ஆள். கூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இது பதினாறடிமான எண், 9-க்கு அடுத்தது A, 3F-க்கு அடுத்தது 40.

எல்லா ரவுட்டரிலும் ஒன்று கூடத்தான் செய்யும் என்று எண்ணி ஊகத்தில் இறங்காதீர்கள். சிலவற்றில் ஒன்று குறையும், சிலவற்றில் ஸ்டிக்கரில் இருப்பதே WAN எண்ணாகவும் இருக்கும். பழைய ரவுட்டர் இன்னும் உயிரோடு இருந்தால் அதன் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து, `Status` என்ற இடத்தில் WAN தலைப்பின் கீழ் இருக்கும் `MAC Address` எதுவோ அதை எழுதிக்கொள்ளுங்கள். அங்கேதான் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பழைய ரவுட்டரே அதற்கும் முந்தைய ரவுட்டரின் அல்லது கணினியின் எண்ணைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கலாம். யாரோ எப்போதோ அமைத்துவிட்டுப் போன லைன்களில் இது சர்வ சாதாரணம். அப்படியானால் ஸ்டிக்கர் எண்ணோடு எதைக் கூட்டிக் கழித்தாலும் சரியான விடை வராது.

பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்பதற்காகப் பழைய ரவுட்டரை ரீசெட் செய்துவிடாதீர்கள். மாற்றி வைத்த மேக் ஏதாவது இருந்தால் ரீசெட்டில் அது போய்விடும். அதற்குப் பதிலாக அதை அதன் வாயாலேயே சொல்ல வைக்கலாம். பழைய ரவுட்டரின் WAN துளையிலிருந்து ஒரு கேபிளை நேராக லேப்டாப்பில் செருகி, லினக்ஸில் இதை ஓட விடுங்கள் (`eth0` இருக்கும் இடத்தில் உங்கள் போர்ட்டின் பெயர்):

```
sudo tcpdump -e -n -i eth0 ether broadcast
```

ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்தால், அது எழுந்ததும் "ஐபி கொடுக்க யாராவது இருக்கிறீர்களா" என்று கேபிளில் கத்தும். திரையில் இப்படி வரும்:

```
00:00:5e:00:53:a5 > ff:ff:ff:ff:ff:ff, ethertype IPv4 ...
```

அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பதுதான் நாம் தேடும் எண். லேப்டாப்பும் அதே நேரத்தில் கத்தும் என்பதால் இரண்டு எண்கள் தெரியலாம். லேப்டாப்பினுடையதைத் தள்ளிவிட்டால் மிச்சம் ரவுட்டருடையது. விண்டோஸில் வயர்ஷார்க் போட்டால் இதே வேலை நடக்கும். வரியில் `PPPoE PADI` என்று வந்தால், லைனுக்கு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வேண்டும் என்று அர்த்தம். `vlan` என்ற சொல்லும் ஓர் எண்ணும் தெரிந்தால், அந்த எண்ணையும் புதிய ரவுட்டரில் கொடுக்க வேண்டும். மேக் சரியாக இருந்தும் நெட் வராதவர்களில் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அடுத்து அந்தக் குளோன் பட்டன். `Clone Current Device MAC` என்றோ அதை ஒட்டியோ எழுதியிருக்கும். அது பழைய ரவுட்டரின் எண்ணை எடுக்காது. அதற்குப் பழைய ரவுட்டர் ஒன்று இருந்ததே தெரியாது. நீங்கள் எந்தக் கணினியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறீர்களோ, அதன் எண்ணை எடுத்து WAN-க்குப் போடும். லைனை நேரடியாகக் கணினியில் செருகிப் பதிவு செய்தவர்களுக்காக வைத்த பட்டன் அது. கைப்பேசியிலிருந்து அழுத்தினால் இன்னும் மோசம்: வைஃபைக்காகக் கைப்பேசி தானே உருவாக்கிக்கொண்ட தற்காலிக எண் போய் உட்காரும். எண்ணின் இரண்டாவது இலக்கம் 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது `Use Custom MAC Address` அல்லது அதற்கு இணையானது. அதில் எண்ணைக் கையால் அடியுங்கள். 8-ஐயும் B-ஐயும் மாற்றிப் படிப்பது சுலபம், சேமிக்கும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

சரி, எண் கிடைத்துவிட்டது. இனி வரிசை முக்கியம். முதலில் பழைய ரவுட்டரை லைனிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒரே எண்ணோடு இரண்டு பெட்டிகள் ஒரே லைனில் இருந்தால் எதிர்முனை சுவிட்ச் எந்தப் பக்கம் அனுப்புவது என்று குழம்பும். அப்புறம், இடையில் தனி மோடம் இருந்தால் அதன் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். கேபிள் மோடம்கள் முதலில் பார்த்த மேக்கை நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி ஆன் செய்யும் வரை வேறொன்றை ஏற்காமல் அடம்பிடிப்பது உண்டு. (சில இடங்களில் லைன் உண்மையில் பூட்டப்பட்டிருக்காது. மோடத்தை அணைத்துப் போட்டாலே புதிய ரவுட்டர் தன் சொந்த எண்ணோடு ஓடிவிடும்.) கடைசியாகப் புதிய ரவுட்டரில் எண்ணைச் சேமித்து, கேபிளைச் செருகி, மோடத்தை முதலிலும் ரவுட்டரை அடுத்தும் ஆன் செய்யுங்கள்.

வேலை செய்ததா என்பதை WAN ஐபி சொல்லும். `0.0.0.0` என்றே நின்றால் எதிர்முனை பதிலே தரவில்லை: எண் தப்பு, அல்லது மேலே சொன்ன `vlan` விடுபட்டிருக்கிறது. ஐபி வந்தும், எந்தத் தளத்தைத் திறந்தாலும் "உங்கள் சாதனத்தைப் பதிவு செய்யுங்கள்" என்ற பக்கமே வந்தால், லைன் உங்களைப் பார்க்கிறது, ஆனால் எண்ணை அடையாளம் தெரியவில்லை. ஃபைபர் லைனில் சுவரோரம் இருக்கும் ஓஎன்டி பெட்டியையே மாற்றியிருந்தால் இந்த வழி உதவாது. அது தன் சொந்த வரிசை எண்ணால் அடையாளம் காணப்படுகிறது. அதை லைன் கொடுப்பவர்தான் மாற்றித்தர வேண்டும். கேபிள் மோடத்துக்கும் இதே கதைதான்.

பழைய ரவுட்டர் அடியோடு செத்துவிட்டிருந்தால் ஸ்டிக்கர் எண், அதில் ஒன்று கூட்டியது, ஒன்று குறைத்தது என்று போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மோடத்தை அணைத்துப் போட மறக்காதீர்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் லைன் கொடுப்பவரைக் கூப்பிட்டுப் புதிய ரவுட்டரின் எண்ணைப் பதியச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் படித்துச் சொல்ல வேண்டியதும் ஸ்டிக்கர் எண்ணை அல்ல. போட்டு வைத்த குளோன் எண்ணை நீக்கி `Use Default MAC Address` என்று திருப்பிவிட்டு, `Status` பக்கத்தில் WAN கீழே தெரியும் எண்ணைச் சொல்லுங்கள்.