ஒன்பது பேர், 31 பயிற்சி விருப்பங்கள்: எதை எடுப்பது, எதை விடுவது?

"கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவுக்கு நான் பொறுப்பு. என் கீழே ஒன்பது பேர். இந்த வருடம் என்ன பயிற்சி வேண்டும் என்று எச்.ஆர். கொடுத்த படிவத்தை எல்லோரும் நிரப்பியதில் 31 விருப்பங்கள் வந்திருக்கின்றன. பணம் இருப்பதோ இரண்டு, மூன்றுக்குத்தான். எதை வைத்து முடிவு செய்வது?"

அந்தப் படிவங்களை இப்போதைக்கு டிராயரில் போட்டுவிடுங்கள். விருப்பத்தைக் கேட்டால் விருப்பம்தான் வரும். எக்செல், ஸ்போக்கன் இங்கிலீஷ் இரண்டும் முதல் இரண்டு இடத்தில் இருக்கும். உங்கள் பிரிவில் போன வருடம் எந்த வேலை சொதப்பியது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஓர் இன்ஜினியரிங் நிறுவனத்தில் சப்ளையர் பில்கள் தாமதமாகின்றன என்று புகார். எல்லோருக்கும் நேர மேலாண்மை வகுப்பு எடுத்துவிடலாம் என்று மேலாளர் முடிவே செய்துவிட்டார். தாமதமான 40 பில்களை ஃபைலோடு எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றும் எங்கே நின்றது என்று பார்த்தோம். 24 பில்களுக்கு, சரக்கு வந்து சேர்ந்ததைக் காட்டும் ஜி.ஆர்.என். சீட்டு ஸ்டோர்ஸிலிருந்து வரவே இல்லை. ஒன்பதில் பில் விலையும் பர்ச்சேஸ் ஆர்டர் விலையும் ஒத்துப்போகாமல், பர்ச்சேஸ் பிரிவின் பதிலுக்காகக் காத்துக் கிடந்தன. கணக்குப் பிரிவின் கையில் தவறு நடந்தது மீதி ஏழில்தான். மற்ற 33-க்கு எந்த வகுப்பும் உதவாது. ஸ்டோர்ஸோடும் பர்ச்சேஸோடும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு புகாரிலும் இப்படிக் கேளுங்கள்: 'இதைச் செய்யாவிட்டால் வேலை போய்விடும் என்றால் இவரால் செய்ய முடியுமா?' முடியும் என்றால் அது திறன் பிரச்சினை இல்லை.

வடிகட்டிய பிறகு மிஞ்சும் வேலைகளை மேலே வரிசையாகவும், ஒன்பது பேரின் பெயரைப் பக்கவாட்டிலும் எழுதி ஒரு கட்டம் போடுங்கள். 'எக்செல்' என்று பொதுவாக எழுதாதீர்கள். 'பர்ச்சேஸ் ரெஜிஸ்டரை, சப்ளையர்கள் ஜிஎஸ்டியில் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் GSTR-2B-யோடு ஒப்பிடுவது' என்று வேலையாகவே எழுதுங்கள். வரப்போகும் வேலைக்கும், புதிதாக வந்த விதிக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். உதாரணத்துக்கு, குறு, சிறு நிறுவனங்களின் பில்லை அதிகபட்சம் 45 நாளுக்குள் தராமல் ஆண்டுக் கடைசியிலும் பாக்கி வைத்தால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. இது 2024 ஏப்ரலில் வந்தது. எந்த சப்ளையர் அந்த வகை என்று பார்த்துக் குறிக்க உங்களிடம் எத்தனை பேருக்குத் தெரியும்?

மதிப்பெண் 0 முதல் 4 வரை போதும். 0 என்றால் தெரியாது, 2 என்றால் பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார், 3 என்றால் தனியாகச் செய்வார், 4 என்றால் சொல்லிக்கொடுப்பார். ஊழியரும் நீங்களும் தனித்தனியாக நிரப்புங்கள். அப்புறம் இரண்டு தாளையும் அருகருகே வைத்து, வித்தியாசம் பெரிதாக உள்ள இடத்தில் சின்னதாக ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

அதே நிறுவனத்தில் ஒருவர் 2B ஒப்பீட்டில் தனக்கு 3 போட்டிருந்தார்; மேலாளர் போட்டது 1. போன மாதக் கணக்கிலிருந்து 20 வரிகளைக் கொடுத்து, 40 நிமிடம் தந்தோம். பில் எண்ணை வைத்து VLOOKUP போட்டார். ஆறு பில்கள் கிடைக்கவில்லை. ஆறையும் 'சப்ளையர் தாக்கல் செய்யவில்லை' என்று எழுதிவிட்டார். உண்மையில் நான்கு பில்கள் அங்கேயே இருந்தன: நம் புத்தகத்தில் `24`, சப்ளையர் போட்டது `INV/024`. இன்னொன்று, சப்ளையர் தாமதமாகத் தாக்கல் செய்ததால் அடுத்த மாத 2B-க்குப் போயிருந்தது. ஒன்றே ஒன்றுதான் நிஜமாகவே தாக்கலாகாதது. பாருங்கள், அவருக்கு எக்செல் தெரியும். ஜிஎஸ்டி எண், தொகை, தேதியை வைத்துத் தேடுவதும், 2B எந்தத் தேதிவரை எதை எடுக்கும் என்பதும்தான் தெரியவில்லை. இரண்டு நாள் எக்செல் வகுப்புக்கு அனுப்பியிருந்தால் அதே தவறை இன்னும் வேகமாகச் செய்திருப்பார்!

இனி கட்டத்தைப் பத்தி பத்தியாகக் கீழே படியுங்கள். 3 அல்லது 4 வாங்கியவர் ஒரே ஒருவராக இருக்கும் பத்தி எது? அவர் லீவு போட்டால் 20-ஆம் தேதி தாக்கல் செய்ய வேண்டிய மாத ஜிஎஸ்டி கணக்கு, GSTR-3B, என்னவாகும்? ஆள் குறைவாகவும், தவறினால் பணமோ கெடுவோ போகக்கூடியதாகவும் உள்ள பத்திகள் முதலில். பெரும்பாலும் இரண்டு, மூன்றுதான் தேறும். அவற்றிலும் 4 வாங்கிய ஆள் உள்ளே இருந்தால் வெளிப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். அவருடைய மாதக் கடைசி வேலையைக் கொஞ்சம் குறைத்து, இருவரை அவரோடு உட்கார வையுங்கள். வேலையைக் குறைக்காமல் 'நீயே சொல்லிக்கொடு' என்றால் நடக்காது, இது என் அனுபவம்.

அந்த 20 வரித் தாளைப் பத்திரமாக வையுங்கள். பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து, வேறு மாதத்துக் கணக்கில் அதே மாதிரி 20 வரி கொடுத்துப் பாருங்கள். டிராயரில் உள்ள 31 விருப்பங்களை அதற்கு முன்பே ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். உங்கள் கட்டத்தில் வராத ஏதாவது ஒரு வேலை அதில் ஒளிந்திருக்கும்.