விடை பொருந்திய பிறகும் பேனாவை வைக்காத பெண்

ஐயா,

ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் எந்நேரமும் புதிரும் கையுமாக இருக்கிறாள், அவள் பெரியப்பா சொல்லும் ஜேஇஇ பயிற்சி மையத்தில் நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிடலாமா என்று கேட்டு, அவள் நோட்டையும் அனுப்பியிருந்தீர்கள். ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன். நோட்டைப் பார்த்த பிறகு சொல்கிறேன்: நகையைத் தொடாதீர்கள்.

அதில் ஒரு பக்கம். மூன்று பேர், ஒவ்வொருவரும் எப்போதும் உண்மையே பேசும் மெய்யன், அல்லது எப்போதும் பொய்யே பேசும் பொய்யன். அமுதன் சொல்கிறான்: "பாரி பொய்யன்." பாரி: "அமுதனும் செழியனும் ஒரே வகை." செழியன்: "அமுதன் மெய்யன்."

முதலில் அமுதனை மெய்யன் என்று வைத்துக்கொள்கிறாள். அப்படியானால் பாரி பொய்யன். அவன் சொன்னது பொய் என்பதால் அமுதனும் செழியனும் வேறு வேறு வகை, செழியன் பொய்யன். இதுவரை முரண்பாடே இல்லை. அவசரக்காரர்கள் இங்கேயே விடையை எழுதிவிடுவார்கள். உங்கள் மகள் மூன்றாவது வாக்கியத்தையும் சோதிக்கிறாள்: பொய்யனான செழியன், "அமுதன் மெய்யன்" என்ற உண்மையைச் சொல்கிறான். முரண்பாடு. அந்த வழியை அடித்துவிடுகிறாள்.

அடுத்து அமுதன் பொய்யன் என்று வைக்கிறாள். பாரி மெய்யன், அவன் சொல்படி அமுதனும் செழியனும் ஒரே வகை, ஆகவே செழியனும் பொய்யன். அவன் சொன்னதும் பொய்தான். எல்லாம் பொருந்துகிறது. அமுதன் மெய்யனாகவோ பொய்யனாகவோ மட்டுமே இருக்க முடியும் என்பதால் வேறு வழி மிச்சமில்லை. விடை இது ஒன்றுதான்.

பக்கத்தின் அடியில் அவளாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "செழியன் பேசாவிட்டால் இரண்டு வழியும் நிற்கும். ஆனால் இரண்டிலும் செழியன் பொய்யன்." இதை யாரும் கேட்கவில்லை. முழு விடை கிடைக்காதபோதும் எது உறுதி என்று பிரித்துப் பார்க்கிறாள்.

அவள் சறுக்கும் இடமும் ஒன்று உண்டு. "நாங்கள் இருவரும் பொய்யர்கள்" என்பது பொய்யானால், "இருவரும் மெய்யர்கள்" என்று ஒரு கணக்கில் எழுதியிருக்கிறாள். ஒருவராவது மெய்யன் என்பதே சரி. இது பழக்கத்தில் சரியாகிவிடும்.

கொடுத்த விடைகளில் பொருந்துவதை விரைவாகக் குறிப்பதற்கே பயிற்சி மையங்களில் பழக்குவார்கள். வேறு வழியில்லை என்று எழுதி நிறுவும் திறமைக்கு மதிப்பெண் தரும் தேர்வு நம் பக்கத்திலேயே இருக்கிறது. சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமெட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த மூன்றாண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ் படிப்பு உண்டு. அதற்குத் தனி நுழைவுத்தேர்வு. பள்ளிக் கணிதத்தை ஒட்டியே வினாக்கள் வரும் என்றாலும், ஒரு பகுதியில் நிரூபணத்தை முழுதாக எழுத வேண்டும். கடினமான தேர்வு, இடங்களும் குறைவு. கட்டணத்தையும் உதவித்தொகையையும் அவள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள்.

பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்தில் இருக்கின்றன. ஒன்றை அச்சிட்டுக் கொடுங்கள், நேரம் வைக்காதீர்கள். விடை வராத கணக்கில் எந்த வழிகளைப் பிரித்தாள், எது முரண்பட்டது, எங்கே நின்றாள் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு அவளையும் அழைத்து வாருங்கள். பெரியப்பாவுக்கு அதுவரை எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம்.