கடனுக்காகக் கொடுத்த வங்கி விவர அனுமதியைத் திரும்பப் பெறுவது எப்படி?

கேள்வி: லோன் ஆப்பில் ஓடிபி போட்டு வங்கி ஸ்டேட்மென்ட் பகிர்ந்தேன். எதெல்லாம் போயிருக்கும்? அனுமதியை ரத்து செய்யலாமா?

ரத்து செய்யலாம். நீங்கள் பயன்படுத்தியது, உங்கள் அனுமதியோடு வங்கி விவரங்களைக் கடன் நிறுவனத்துக்குக் கொண்டுசேர்க்கும், ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வழி என்று வைத்துச் சொல்கிறேன். உங்கள் பாஸ்வேர்ட் கடன் நிறுவனத்துக்குப் போகாது, பணத்தையும் அவர்களால் எடுக்க முடியாது. நடுவில் இருக்கும் அக்ரிகேட்டராலும் விவரங்களைப் படிக்க முடியாது. பூட்டிய உறையைக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டுமே அதன் வேலை.

ஆனால் கடன் நிறுவனம் நிறையவே பார்க்கும். பெயர், முகவரி, இருப்புத் தொகை, அப்புறம் ஒவ்வொரு வரவு செலவும் அதன் குறிப்போடு. மருந்துக் கடைக்கு யுபிஐயில் அனுப்பிய 340 ரூபாய்கூட அதில் இருக்கும்.

அனுமதித் திரையில் பலரும் கவனிக்காத இடம், எத்தனை முறை எடுப்பார்கள் என்பது. ஒரே முறை என்றால் அதோடு முடிந்தது. மாதம் ஒருமுறை, கடன் முடியும்வரை என்றிருந்தால், கையில் பணம் வந்த பிறகும் உங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ரத்து செய்ய, அந்த அக்ரிகேட்டரின் ஆப்பில் அதே மொபைல் எண்ணால் நுழையுங்கள். பெயர் மறந்திருந்தால் அப்போது வந்த எஸ்எம்எஸ்ஸைத் தேடுங்கள். Consents பகுதியில் அந்த நிறுவனத்தைத் திறந்து Revoke அழுத்தினால் போதும். லோன் ஆப்பை அழித்தால் அனுமதி போகாது.

ஒன்று, ரத்து இனிமேல் எடுப்பதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே போனதை அழிக்கச் சொல்லி கடன் நிறுவனத்துக்குத் தனியாக எழுதுங்கள்; கடன் நடப்பில் இருந்தால், சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை வைத்திருப்பார்கள்.