தர்வீஷின் பல்லவி – கடிதம்

வணக்கம் சார்,

எங்கள் வாசிப்புக் குழுவில் பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் ‘அடையாள அட்டை’ கவிதையை வாசித்தோம். “பதிவு செய், நான் அராபியன்” என்று பத்திக்குப் பத்தி வருகிறது. ஒரு நண்பர், “இது கோஷம், கவிதை இல்லை” என்று சொல்லிவிட்டார். எனக்கு வேறொரு சந்தேகம். முழுக்க ‘நான், நான்’ என்றே பேசும் கவிதையை எப்படி ஒரு மக்களின் குரல் என்கிறோம்?
– செல்வி, தஞ்சாவூர்

அன்புள்ள செல்வி,

அந்த வரி யாரிடம் சொல்லப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கவிதை 1964இல் வந்த ‘ஒலிவ இலைகள்’ தொகுப்பில் இருக்கிறது. இஸ்ரேலுக்குள் வாழ்ந்த பாலஸ்தீனர்கள் 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தார்கள். ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆக, எதிரே மேசையில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், கையில் படிவம். எண், பிள்ளைகள், தொழில், அங்க அடையாளம், முகவரி என்று கேட்பது அவர் வேலை. கவிதையில் அவர் வாய் திறப்பதே இல்லை. நிற்கிறவனே “பதிவு செய்” என்று ஏவுகிறான். படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடவை பேனா இறங்க வேண்டும் அல்லவா? பல்லவி திரும்பத் திரும்ப வருவதற்கு அதுதான் காரணம்.

உங்கள் சந்தேகத்துக்கும் அந்தக் கட்டங்களிலேயே பதில் இருக்கிறது. அட்டை எண் ஐம்பதாயிரம். பிள்ளைகள் எட்டு, ஒன்பதாவது கோடை முடிந்ததும் வரும். வேலை கல்குவாரியில். இதை எழுதியபோது தர்வீஷ் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார், கல்யாணம்கூட ஆகவில்லை. அந்த ‘நான்’ அவரல்ல. பேர் இருக்கிறது, பட்டம் இல்லை என்கிறான், ஆனால் அந்தப் பேரைக் கடைசி வரை சொல்வதில்லை. முகவரி கேட்டால், தெருக்களுக்குப் பெயரே இல்லாத, மறக்கப்பட்ட ஒரு கிராமம். ஆண்கள் எல்லாரும் வயலிலும் குவாரியிலும் இருக்கிறார்கள். இந்த விவரங்களை வைத்து ஓர் ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. அதே சமயம் கூட்டத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அந்த வரியைத் தன் வாயால் சொல்லலாம்.

நம் இன்குலாப் ‘மனுசங்கடா’ பாட்டில் எடுத்த எடுப்பிலேயே ‘நாங்க’ என்று பன்மையில் இறங்கிவிடுகிறார். தர்வீஷ் காக்க வைக்கிறார். ஐந்தாவது பத்தியில்தான், என் பாட்டன்மாரின் திராட்சைத் தோட்டங்களைப் பறித்தாய், நானும் என் பிள்ளைகளும் உழுத நிலத்தைப் பறித்தாய் என்று சொல்லி, இந்தப் பாறைகளைத் தவிர எங்களுக்கு எதையும் விட்டுவைக்கவில்லை என்கிறான். அந்த ‘எங்களுக்கு’தான் கவிதையில் வரும் முதல் பன்மை. அதே பத்தியில் எதிராளியும் ‘நீ’யிலிருந்து ‘உங்கள் அரசாங்கம்’ ஆகிவிடுகிறான். நான்கு பத்திகளாக ஒரு குடும்பத்தைக் கேட்டுவிட்ட பிறகு வருவதால், அந்த ‘எங்கள்’ உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி உங்கள் நண்பர் கவனிக்காமல் விட்டது. இந்தக் கவிதையில் திரும்ப வரும் வரிகள் இரண்டு. பத்தியின் தலையில் “பதிவு செய்”, காலில் “உனக்குக் கோபம் வருகிறதா?”. முதல், இரண்டாம், நான்காம் பத்திகள் இந்தக் கேள்வியில்தான் முடிகின்றன. முதல் தடவை அது சீண்டல்: ஒன்பதாவது பிள்ளை வருகிறது, உனக்கென்ன? இரண்டாவது தடவை அதில் ரோஷம் ஏறியிருக்கிறது. பாறையிலிருந்து ரொட்டியும் துணியும் நோட்டும் எடுக்கிறேன், உன் வாசலில் பிச்சை கேட்கவில்லை என்று சொன்ன பிறகு வருகிறது. மூன்றாம் பத்தியில் மட்டும், “என் நிலை உனக்குத் திருப்தியா?” என்று மாற்றிக் கேட்கிறான். (அந்தப் பத்தியில் வேர், காலம், ஒலிவ மரம் என்று போவது எனக்குக் கொஞ்சம் இழுவையாகத் தெரியும், காவல்காரன் குடிசை மாதிரியான தன் வீட்டைச் சொன்னதும் மறுபடி தரைக்கு வந்துவிடுகிறது.)

கடைசியில் பல்லவியே உடைகிறது. “சரி, அப்படியானால் முதல் பக்கத்தின் மேலே பதிவு செய்” என்று வருகிறது, ‘நான் அராபியன்’ காணோம். அந்த இடத்தில், நான் மனிதர்களை வெறுப்பவன் இல்லை, யாருடையதையும் பறிப்பவன் இல்லை, ஆனால் பசித்தால் பறித்தவனின் சதையைத் தின்பேன், என் பசிக்கும் கோபத்துக்கும் அஞ்சு என்கிறான். மூலத்தில் கவிதையின் கடைசிச் சொல் ‘என் கோபம்’. மூன்று தடவை அதிகாரியிடம் விசாரித்த கோபம் இப்போது யாரிடம் இருக்கிறது பாருங்கள்.

கோஷம் என்றால் பத்திகளை முன்பின்னாக அடுக்கினாலும் ஒன்றும் கெடாது. இதில் அப்படி மாற்ற முடியாது. எட்டுப் பிள்ளைகள் முதலில் வந்தால்தான் அவர்களுக்கான ரொட்டி அடுத்து வர முடியும். ஆனால் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மேடைகளில் ‘நான் அராபியன்’ மட்டும் தனியாகப் பிய்ந்து போய், ‘பதிவு செய்’ கழன்றுவிடும்போது அது வெறும் இனப் பெருமையாகத்தான் கேட்கும். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி காணாமல் போய்விடுகிறார் இல்லையா?

அடுத்த கூட்டத்தில் ஒன்று செய்யுங்கள். முந்தைய ஐந்து பத்திகளையும் விட்டுவிட்டுக் கடைசிப் பத்தியை மட்டும் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். வெறும் மிரட்டலாக நிற்கும். அப்புறம் முதலிலிருந்து வாசித்துவிட்டு, கோஷமா கவிதையா என்று அவரிடமே கேளுங்கள்.