91x ≡ 35 (mod 252): ஒரு விடையா, ஏழு விடைகளா?

கேள்வி: 91x ≡ 35 (mod 252) என்ற கணக்கில் இருபுறமும் 7ஆல் வகுத்துச் செய்தேன், x = 233 வந்தது. போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் விடைப் பகுதியில் ஏழு விடைகள் கொடுத்திருக்கிறார்கள். யூக்ளிட் முறையில் எப்படிச் செய்வது?

பதில்:

233 தவறான விடையாக இருந்திருந்தால் நீங்கள் உடனே பிழையைக் கண்டுபிடித்திருப்பீர்கள். அது சரியான விடைகளுள் ஒன்றாக அமைந்துவிட்டதால்தான் பிழை மறைந்துகொண்டது. கல்லூரி முதலாண்டில் நானும் இதே வகைக் கணக்கில் ஒரே ஒரு விடையை எழுதி, போட்டுப் பார்த்த நிம்மதியோடு தாளைக் கொடுத்துவிட்டுப் பாதி மதிப்பெண் வாங்கியவன்.

முதலில் 252, 91 ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண்போம். பெரிய எண்ணைச் சிறியதால் வகுத்து, பிறகு அந்தச் சிறிய எண்ணை மீதியால் வகுத்து, மீதி பூச்சியமாகும்வரை தொடர வேண்டும்.

```
252 = 2·91 + 70
 91 = 1·70 + 21
 70 = 3·21 + 7
 21 = 3·7  + 0
```

கடைசியாக வந்த பூச்சியமல்லாத மீதியான 7 தான் மீ.பொ.வ. இம்முறை ஏன் பலிக்கிறது என்பது முதல் வரியிலேயே தெரிகிறது: 252ஐயும் 91ஐயும் மீதியின்றி வகுக்கும் எந்த எண்ணும் 252 − 2·91 ஆகிய 70ஐயும் வகுத்தே தீரும், அதேபோல 91ஐயும் 70ஐயும் வகுக்கும் எண் 252ஐயும் வகுக்கும். ஆகவே ஒவ்வொரு வரியிலும் எண்கள் சிறுக்கின்றனவே தவிர, பொது வகுத்திகள் மாறுவதில்லை. (யூக்ளிட் தம் ஏழாம் நூலில் இதை வகுத்தலாக அல்லாமல், பெரியதிலிருந்து சிறியதைத் திரும்பத் திரும்பக் கழிப்பதாகவே சொல்கிறார்.)

அடுத்து, அதே வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்து, 7ஐ 252, 91 ஆகியவற்றைக் கொண்டு எழுத வேண்டும்.

```
7 = 70 − 3·21
  = 70 − 3·(91 − 70)     = 4·70 − 3·91
  = 4·(252 − 2·91) − 3·91 = 4·252 − 11·91
```

பெரும்பாலானோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 3·21ஐக் கண்டதும் கை தானாக 63 என்று எழுதிவிடுகிறது. எழுதிவிட்டால் அதற்குமேல் பிரதியிட எதுவும் இருக்காது. மீதிகளான 21, 70 ஆகியவற்றுக்கு அடிக்கோடிட்டு, அவற்றை எழுத்துகளைப் போலக் கருதிப் பெருக்காமல் விடுங்கள். ஒவ்வொரு வரியின் மதிப்பும் 7 ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வரலாம்: இரண்டாம் வரியில் 280 − 273 = 7, மூன்றாம் வரியில் 1008 − 1001 = 7. கி.பி. 499இல் ஆரியபட்டர் தந்த குட்டகம் என்னும் முறையும் இத்தகைய தொடர் வகுத்தலின் ஈவுகளைக் கொண்டே விடை காண்கிறது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். ஒருங்கிசைவைச் சமன்பாடாக எழுதினால், ஏதோ ஒரு முழு எண் y-க்கு 91x − 35 = 252y என்றாகும். இதை 7ஆல் வகுக்கும்போது மூன்று உறுப்புகளும் வகுபடுகின்றன: 13x − 5 = 36y. அதாவது கிடைப்பது 13x ≡ 5 (mod 36). நீங்கள் இருபுறமும் வகுத்துவிட்டு, மட்டை மட்டும் 252 ஆகவே விட்டுவிட்டீர்கள். அப்படி விடும்போது வேண்டியதற்கு மேலான ஒரு கடுமையான நிபந்தனை உருவாகி, ஏழு விடைகளில் ஆறு வடிகட்டப்பட்டு 233 மட்டும் எஞ்சுகிறது.

மேலே கண்ட 7 = 4·252 − 11·91 என்பதையும் 7ஆல் வகுத்தால் 1 = 4·36 − 11·13. எனவே மட்டு 36இல் 13இன் பெருக்கல் நேர்மாறு −11. இருபுறமும் −11ஆல் பெருக்க, x ≡ −55 ≡ 17 (mod 36). சரிபார்க்க: 91·17 = 1547 = 6·252 + 35.

மட்டு 252க்குள் விடைகளைக் கேட்டால், 17இலிருந்து 36 வீதம் கூட்டிக்கொண்டே போக வேண்டும்: 17, 53, 89, 125, 161, 197, 233. அடுத்தது 269, அது 17க்கே திரும்பிவிடுகிறது. 252க்குள் 36 ஏழு முறை அடங்குவதால்தான் விடைகளின் எண்ணிக்கை மீ.பொ.வ-க்குச் சமமாக அமைகிறது.

வலப்புறத்தில் 35க்குப் பதில் 36 இருந்திருந்தால் 91x − 252y எப்போதும் 7இன் மடங்காகவே இருக்குமாதலால் ஒரு விடைகூடக் கிடைக்காது. அதனால் மீ.பொ.வ கண்டவுடன், பின்னோக்கிச் செல்லும் வேலையைத் தொடங்குமுன், அது வலப்புற எண்ணை வகுக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.