216 என்பது பரப்பா, கன அளவா?

"என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அளவியல் பாடத்தில் வாரம் ஒரு பயிற்சித் தாள் தருகிறார்கள். கனச்செவ்வகம், உருளை இரண்டுக்கும் சூத்திரங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆனால் தாளில் சதுர மீட்டர் வரவேண்டிய இடத்தில் கன மீட்டர் எழுதுகிறான், கன மீட்டர் வரவேண்டிய இடத்தில் சதுர மீட்டர். செ.மீ.யை மீட்டராக மாற்றச் சொன்னால் எதுவாக இருந்தாலும் நூறால் வகுத்துவிடுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து நான் எப்படிச் சரிசெய்வது, ஐயா?"

அடுத்த தாளைத் தொடும் முன் அவனுக்கு ஒரு சின்னக் கணக்கு கொடுங்கள் அம்மா. பக்கம் 6 செ.மீ. உள்ள ஒரு கனசதுரம். அதன் மொத்தப் புறப்பரப்பு என்ன, கன அளவு என்ன? ஆறு முகங்கள், ஒவ்வொன்றும் 36, ஆகப் பரப்பு 216. கன அளவு 6 × 6 × 6, அதுவும் 216. இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும். "அப்படியென்றால் இரண்டும் சமமா?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் யோசிக்க விடுங்கள்.

அப்புறம் அதே பெட்டியை மில்லிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். பக்கம் 60 மி.மீ. இப்போது பரப்பு 21,600, கன அளவு 2,16,000. பெட்டி அதே பெட்டிதான், ஆனால் ஓர் எண் நூறு மடங்கு ஆகிவிட்டது, இன்னொன்று ஆயிரம் மடங்கு. முதலில் இரண்டும் ஒன்றாக வந்தது, நாம் செ.மீ.யில் அளந்ததால் நேர்ந்த தற்செயல். அந்த 216இல் ஒன்று, பெட்டியை மூடத் தேவைப்படும் 1 செ.மீ. சதுரக் காகிதத் துண்டுகளின் எண்ணிக்கை. இன்னொன்று, பெட்டிக்குள் அடுக்க வேண்டிய 1 செ.மீ. கட்டைகளின் எண்ணிக்கை. அலகு எழுதாமல் "விடை 216" என்று விட்டால், காகிதமா கட்டையா என்று திருத்துபவருக்குத் தெரியாது. உண்மையில் எழுதியவனுக்கும் தெரியாது. உங்கள் மகனிடம் நான் காண்பது இதைத்தான். எண்ணைக் கண்டுபிடித்த பிறகு, கடைசியில் ஒட்டவைக்கும் வால் என்று அலகை நினைக்கிறான்.

நூறால் வகுப்பதும் இதே வேரிலிருந்து வருவதுதான். தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு சதுரம் போடுங்கள். அதன் ஓரத்தில் 1 செ.மீ. காகிதத் துண்டுகளை வரிசையாக வைத்தால் ஒரு வரிசைக்கு நூறு. அப்படி நூறு வரிசை. ஆக ஒரு சதுர மீட்டரில் இருப்பவை 10,000 சதுர செ.மீ. அதன் மேல் கட்டைகளை அடுக்கிக்கொண்டே போனால், ஒரு மீட்டர் உயரத்துக்கு நூறு அடுக்கு. ஆக ஒரு கன மீட்டரில் 10,00,000 கன செ.மீ. நீளத்துக்கு ஒரு நூறு, பரப்புக்கு இரண்டு நூறு, கன அளவுக்கு மூன்று நூறு. இதைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் சாக்பீஸ் சதுரத்தின் நடுவில் அவனையே நிற்கவைத்துக் கேட்பது நல்லது.

இனி ஒரு கணக்கை முழுசாகப் பார்ப்போம். தண்ணீர்த் தொட்டி ஒன்று, நீளம் 2 மீ, அகலம் 1.5 மீ, ஆழம் 80 செ.மீ. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? உள்ளே சுவர்களுக்கும் தரைக்கும் டைல் ஒட்டினால் எவ்வளவு பரப்பு? 20 செ.மீ. சதுர டைல் எத்தனை வேண்டும்?

எண்களைத் தொடும் முன் ஒவ்வொரு கேள்விக்கும் நேராக, வலது ஓரத்தில், வரப்போகும் அலகை எழுதச் சொல்லுங்கள். தண்ணீருக்கு மீ³. டைல் ஒட்டும் பரப்புக்கு மீ². மூன்றாவது வெறும் எண்ணிக்கை, அலகு கிடையாது. எழுத்தாகச் சுருக்காமல் மீ², மீ³ என்றே எழுதுவது நல்லது என்பது என் அனுபவம். அவசரத்தில் எழுதிய 'க.மீ.' திருத்துபவர் கண்ணுக்குக் கி.மீ. போலத் தெரிந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வேலை, எல்லா நீளங்களையும் பெருக்கும் முன்பே ஒரே அலகுக்குக் கொண்டுவருவது. 80 செ.மீ. என்பது 0.8 மீ. இங்கே நூறால் வகுப்பது சரிதான், ஏனென்றால் இது இன்னும் வெறும் நீளம். இப்படிச் செய்துவிட்டால் பத்தாயிரம், பத்து லட்சம் எல்லாம் பெரும்பாலும் தேவையே படாது. மாற்றாமல் 2 × 1.5 × 80 = 240 என்று எழுதினால், அந்த 240 மீட்டரும் செ.மீ.யும் கலந்த ஒன்று. அதற்கு எந்த அலகையும் போட முடியாது.

சரி, கன அளவு 2 × 1.5 × 0.8 = 2.4 மீ³. ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர், ஆக 2,400 லிட்டர். லிட்டர் என்ற சொல்லில் ² அல்லது ³ எதுவும் தெரியாததால் பிள்ளைகள் அதைத் தனி இனமாக நினைக்கிறார்கள். அதுவும் கன அலகுதான். பக்கம் 10 செ.மீ. உள்ள ஒரு பெட்டி கொள்ளும் அளவு, அதாவது 1,000 கன செ.மீ.

பரப்புக்கு மொத்தப் புறப்பரப்புச் சூத்திரம் 2(lb + bh + hl) போட்டால் 11.6 மீ² வரும். ஆனால் தொட்டியின் மேலே யாரும் டைல் ஒட்டுவதில்லை. நான்கு சுவர்கள் 2h(l + b), அதாவது 2 × 0.8 × 3.5 = 5.6. தரை lb = 3. கூட்டினால் 8.6 மீ². எத்தனை முகங்கள் என்பதைச் சூத்திரம் சொல்லாது, கேள்விதான் சொல்லும். அதனால் சின்னதாக ஒரு படம் போட்டு, டைல் ஒட்டும் முகங்களை மட்டும் பென்சிலால் நிழலிடச் சொல்லுங்கள்.

இப்போது டைல். ஒரு டைலின் பரப்பு 0.2 × 0.2 = 0.04 மீ². 8.6 ÷ 0.04 = 215 டைல். வேலை நடக்கும் இடத்தில் வெட்டும்போது வீணாவதற்காகக் கூடுதலாகவே வாங்குவார்கள், தாளில் 215 போதும். இதையே நூறால் மாற்றும் பழக்கத்தில் செய்தால் என்ன ஆகும்? 8.6 மீ² என்பதை 860 செ.மீ² என்று எழுதி, டைலின் 400 செ.மீ²ஆல் வகுத்தால் இரண்டே கால் டைலுக்குக் கிட்ட வரும். இரண்டு ஆள் இறங்கி நிற்கும் தொட்டிக்கு மூன்று டைல் கூட வேண்டாம் என்கிறது விடை. இந்தத் தவறை அவனே ஒருமுறை செய்து பார்க்கட்டும், விடையை அவனே உரக்கப் படிக்கட்டும்.

உருளையில் குழப்பம் வேறு மாதிரி. 2πr, 2πrh, πr², πr²h என்று எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றன. சமையலறையிலிருந்து, வெளியே தாள் சுற்றி ஒட்டிய ஒரு தகர டப்பாவை எடுங்கள். அந்தத் தாளை மேலிருந்து கீழாக ஒரே வெட்டாகக் கத்தரித்து உரித்து மேசையில் விரியுங்கள். அது ஒரு செவ்வகம். ஒரு பக்கம் டப்பாவின் உயரம் h. இன்னொரு பக்கம் மூடியைச் சுற்றி வந்த நீளம், அதாவது சுற்றளவு 2πr. பெருக்கினால் 2πrh, இதுதான் வளைபரப்பு. மூடியையும் அடியையும் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு வட்டங்கள், 2πr².

இனி, எந்தச் சூத்திரத்தையும் பார்த்து அதில் எத்தனை நீளங்கள் பெருக்கப்பட்டிருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். 2, π இரண்டும் வெறும் எண்கள், கணக்கில் சேராது. 2πr இல் ஒரே நீளம், விடை செ.மீ. 2πrh இல் r, h என இரண்டு, செ.மீ². πr²h இல் r இரண்டு முறை, h ஒரு முறை, ஆக மூன்று, செ.மீ³. 2πr(h + r) வந்தால் அடைப்புக்குள் இருப்பதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும், ஏனென்றால் இரண்டு நீளங்களைக் கூட்டினாலும் வருவது ஒரு நீளமே. மனப்பாடம் தடுமாறும்போது இது கை கொடுக்கும். மொத்தப் புறப்பரப்பை 2πrh + 2πr என்று எழுதியிருந்தால், முதல் உறுப்பில் இரண்டு நீளம், அடுத்ததில் ஒன்று. பரப்போடு நீளத்தைக் கூட்ட முடியாது, எங்கோ ஒரு ² விழுந்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால் இந்தச் சோதனைக்குப் பிடிபடாத பிழைகளும் உண்டு. முன்னால் வரவேண்டிய 2 விட்டுப்போனால் அலகு சரியாகவே இருக்கும். விட்டத்தை ஆரமாக எடுத்தாலும் அப்படித்தான், உருளைக் கணக்கில் நான் அதிகம் கண்ட பிழை இது. விட்டம் 70 செ.மீ., உயரம் 1 மீ. உள்ள டிரம் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 35, உயரம் 100 செ.மீ. π-க்கு 22/7 போட்டால் கன அளவு 3,85,000 செ.மீ³, அதாவது 385 லிட்டர். வளைபரப்பு 22,000 செ.மீ², அதாவது 2.2 மீ². ஒரே டிரம், ஒன்றை ஆயிரத்தாலும் மற்றதைப் பத்தாயிரத்தாலும் வகுத்திருக்கிறோம். ஏன் என்று அவனைக் கேளுங்கள். 70-ஐ ஆரமாக எடுத்தால் கன அளவு நான்கு மடங்காகி 1,540 லிட்டர் ஆகும், வளைபரப்போ இரண்டு மடங்குதான் ஆகும். r கன அளவில் இருமுறையும் வளைபரப்பில் ஒருமுறையும் வருவதே காரணம். அதனால் விடைத்தாளோடு ஒப்பிடும்போது அவன் கன அளவு சரியாக நான்கு மடங்கு இருந்தால், கணக்கை முதலிலிருந்து போட வேண்டாம், ஆரத்தை மட்டும் பாருங்கள்.

வீட்டில் தண்ணீர் டிரம் இருந்தால் தையல் டேப்பை அதன் வயிற்றைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். டேப் பெரும்பாலும் 150 செ.மீ.தான் இருக்கும், போதாவிட்டால் ஒரு கயிற்றால் சுற்றி அந்தக் கயிற்றை அளக்கலாம். வந்த சுற்றளவை 22/7 ஆல் வகுத்தால் விட்டம், அதில் பாதி ஆரம். உயரத்தையும் அளந்து கன அளவு போடட்டும். அப்புறம் ஒரு பக்கெட்டின் அளவைத் தெரிந்துகொண்டு, எத்தனை பக்கெட்டில் டிரம் நிரம்புகிறது என்று எண்ணட்டும். டிரம்மின் வளைவும் தகட்டின் தடிமனும் கொஞ்சம் வித்தியாசம் காட்டும், ஆனால் நான்கு மடங்கு காட்டாது.