பெரிய கொம்பனிக்கு சப்ளையராகப் பதிய வற் இலக்கம் கட்டாயமா?

கேள்வி: சுன்னாகத்தில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன், என் பெயரில்தான் பதிவு. ஒரு பெரிய கொம்பனி 120 செட் யூனிஃபோர்ம் தைக்கக் கேட்டு, வெண்டர் பதிவு என்று எட்டுப் பக்கப் படிவம் அனுப்பியிருக்கிறது. டின், வற், எஸ்வற், வங்கிக் கடிதம் எல்லாம் கேட்கிறார்கள். எனக்கு வற் இல்லை. தள்ளிவிடுவார்களா?

பதில்:

வற் இல்லை என்பதற்காக மட்டும் பெரும்பாலும் தள்ளமாட்டார்கள். அந்தக் கட்டத்தைப் பிழையாக நிரப்பினால்தான் கரைச்சல். ஆனால் அதைவிடப் பெரிய கரைச்சல் பெயரில் இருக்கிறது, அதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில்தான் அடிபட்டேன்.

எனக்கு கொக்குவிலில் இரும்பு ராக்கை செய்யிற பட்டறை. முதல் தடவை கொழும்புக் கொம்பனி ஒன்றுக்குப் பதிந்து, சாமானும் கொடுத்து, பில்லும் அனுப்பி, பதினொரு கிழமை காசு வரவில்லை. கோல் எடுத்தால் ‘புறொசஸ் ஆகுது’ என்பார்கள். கடைசியில் அங்கே கணக்குப் பகுதியில் இருந்த ஒரு அக்கா பொறுமையாக விளங்கப்படுத்தினா: "தம்பி, பில்லில் ஒரு கடைப் பெயர், வரிப் பேப்பரில் ஒரு ஆளின் பெயர், வங்கியில் வேற மாதிரி ஒரு பெயர். இந்த மூன்று பேரில் நான் யாருக்குக் காசு போடுறது?"

அவ சொன்னது நியாயம்தான். பெரிய கொம்பனியில் உங்களிடம் சாமான் வாங்குகிறவர் ஒருவர், உங்களைக் கணினியில் பதிகிறவர் இன்னொருவர், காசை விடுவிக்கிறவர் மூன்றாமவர். மூன்றாமவர் உங்களைக் கண்டதே இல்லை, பேப்பரோடு பேப்பரை ஒப்பிடுவது மட்டும்தான் அவருடைய வேலை. இல்லாத கடைக்கு உள்ளே இருக்கிற யாராவது காசு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் விஷயம். தனி ஆளாக நடத்தும் கடை என்றால், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தைப் பொறுத்தவரை வரி கட்டுகிற ஆள் நீங்கள்தான், கடை தனி ஆள் கிடையாது. டின் இலக்கம், அந்த ஒன்பது இலக்கம், உங்கள் சொந்தப் பெயரில் வரும். பங்காளிகள் சேர்ந்து நடத்துகிற கடைக்கும் பிரைவேட் லிமிடெட்டுக்கும் தனித்தனி டின் உண்டு, அவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. உங்களுக்கோ பில்லில் கடைப் பெயர், டின் பேப்பரில் உங்கள் பெயர். இரண்டையும் இணைக்கிற ஒரே பேப்பர் பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், எல்லோரும் பிஆர் என்கிறோமே, அதுதான். கடைப் பெயரும் உரிமையாளர் பெயரும் ஒரே தாளில் இருப்பது அதில்தான். ஆகவே அதில் உள்ள ஆங்கில எழுத்து எப்படியோ, மற்ற எல்லாம் அதற்கு ஒத்து வரவேண்டும்.

நம்மட ஆட்களுக்கு இது லேசில் சரிவராது, தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவோம். என் கடைப் பெயர் ‘ஸ்ரீ’ என்று தொடங்கும். பிஆரில் Sri, வங்கியில் Sree. பட்டறை விலாசம் ஒரு பேப்பரில் K.K.S. Road, இன்னொன்றில் Kankesanthurai Road. இதைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வரும், கணினிக்கு வராது. பிறகு அடையாள அட்டை: பிஆரில் பழைய இலக்கம், ஒன்பது இலக்கமும் ஒரு V உம், டின்னில் புதிய 12 இலக்கம். 19 ஐ முன்னால் போட்டு நடுவில் ஒரு 0 சேர்த்தால் பழையதே புதியதாகிவிடும், ஆள் ஒன்றுதான், ஆனால் தெரியாத கிளாக் ஒருவர் இதற்கும் கேள்வி அனுப்புவார். இரண்டு அட்டையின் கொப்பியும் இருந்தால் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.

திருத்துவது என்றால் வங்கியிலிருந்து தொடங்குங்கள். பிஆரில் கை வைத்தால் எல்லாப் பேப்பரும் ஆடும். பிஆர் மூலப்பிரதியையும் ஒரு கடிதத்தையும் கொண்டு போய் கணக்கின் பெயரைத் திருத்தித் தரச் சொன்னேன், சிலநாளில் செய்து தந்தார்கள். சேமிப்புப் புத்தகத்தில் உங்கள் சொந்தப் பெயர்தான் இருக்கிறது, கடைப் பெயரில் கணக்கே இல்லை என்றால் இந்தப் படிவத்தைச் சாக்காக வைத்து ஒன்று திறந்துவிடுங்கள். வங்கிக் கடிதத்தில் கணக்கின் பெயர், முழு இலக்கம், நான்கு இலக்க வங்கிக் குறியீடு, மூன்று இலக்கக் கிளைக் குறியீடு எல்லாம் வரட்டும். படிவம் எக்செல்லில் வந்திருந்தால் இன்னொரு கவனம்: கணக்கு இலக்கம் 00 என்று தொடங்கினால், அடித்து என்டர் தட்டியதும் முன்னுள்ள பூச்சியங்கள் மறைந்துவிடும். அந்தக் கட்டத்தை முதலில் Text ஆக்கிவிட்டு அடியுங்கள்.

படிவத்தில் ‘சப்ளையர் பெயர்’ என்ற இடத்தில் கடைப் பெயரை மட்டும் எழுதாமல், பிஆரில் உள்ளபடி உங்கள் பெயரையும் கடைப் பெயரையும் சேர்த்து, இன்னாரை உரிமையாளராகக் கொண்ட இன்ன கடை என்று எழுதுங்கள். பதினொரு கிழமைக்குப் பிறகு என்னை அந்த அக்கா அப்படித்தான் எழுத வைத்தா.

சரி, வற்.

வற் இலக்கம் என்பது உங்கள் டின்னுக்குப் பின்னால் 7000 சேர்ந்து வருவது. வற்றுக்குப் பதிந்தவர்களுக்குத்தான் அது உண்டு. கட்டம் வெறுமையாக இருக்கிறதே என்று பலர் டின்னையே அதில் திரும்ப எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் நீங்கள் வற் பதிந்த சப்ளையர் என்று கணினியில் ஏறும், ஓடரில் 18 வீதம் சேர்ந்து வரும், அவர்கள் உங்களிடம் வரி இன்வொய்ஸ் கேட்பார்கள், உங்களால் கொடுக்க முடியாது. பதியாத ஆள் பில்லில் வற் அறவிடுவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே அந்தக் கட்டத்தில் ‘பதியப்படவில்லை’ என்று எழுதி, கடையின் லெட்டர்ஹெட்டில் ஒரு சின்னக் கடிதம் இணையுங்கள்: இன்ன டின் இலக்கம் உடைய நான் வற்றுக்குப் பதியவில்லை, என் விற்பனை பதிவு எல்லைக்குக் கீழே இருக்கிறது, எல்லையைத் தாண்டினால் அறிவிப்பேன். கையெழுத்து, சீல், திகதி, அவ்வளவும் போதும்.

2024 ஜனவரியில் அந்த எல்லையைக் காலாண்டுக்கு 15 மில்லியன், வருடத்துக்கு 60 மில்லியன் ரூபா என்று ஆக்கினார்கள். 2026 வரவுசெலவுத் திட்டத்தில் இந்த வருட எல்லையை 36 மில்லியனாக இறக்க முன்மொழிந்தார்கள். அதனால் பழைய கடிதத்தைக் கொப்பி பண்ணாமல், கையெழுத்து வைக்கிற அன்று இருக்கிற எல்லையைக் கேட்டு எழுதுங்கள், யாழ்ப்பாணத்திலேயே இறைவரிக் கந்தோர் இருக்கிறது. எஸ்வற் என்கிற இலகுபடுத்திய வற் முறை 2025 ஒக்டோபர் 1 உடன் நிறுத்தப்பட்டுவிட்டது, கொம்பனிகள் பழைய படிவத்தையே ஓட்டுகின்றன. அந்தக் கட்டத்தில் ‘பொருந்தாது’.

வற் இல்லாததால் விலையில் தோற்றுப்போவோமோ என்பதுதான் உங்கள் உண்மையான பயம் என்று நினைக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செட் 3,250 ரூபா என்றால் 120 செட்டுக்கு 390,000. வற் பதிந்த இன்னொரு கடை அதே விலையைச் சொன்னால் அவர்களுடைய பில் 390,000 உடன் 70,200 சேர்ந்து 460,200. ஆகா, நாங்கள் மலிவு என்று சந்தோஷப்பட வேண்டாம். வற் பதிந்த கொம்பனி அந்த 70,200 ஐத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும், ஆகவே அவர்கள் கண்ணில் இரண்டு விலையும் ஒன்றுதான். வற்றைக் கழிக்க முடியாத வாடிக்கையாளராக இருந்தால் மட்டும் நீங்கள் உண்மையிலேயே மலிவு.

உங்களுக்கு நட்டம் வருகிற இடம் துணி வாங்குகிற கடை. 200,000 ரூபாத் துணிக்கு 36,000 வற் கட்டி வாங்கினால், பதிந்த கடைக்காரர் அந்த 36,000 ஐக் கழித்துக்கொள்வார், உங்களுக்கு அது செலவோடு செலவு. இந்தக் கணக்கில் செட்டுக்கு 300 ரூபா. அவர் விரும்பினால் அந்த அளவுக்கு விலையை இறக்கலாம். எல்லைக்குக் கீழே இருந்தும் நீங்களாக வற்றுக்குப் பதியலாம், ஆனால் ஒரு கொம்பனியின் ஒரு ஓடருக்காக நான் பதியமாட்டேன். விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் காலத்துக்குக் காலம் கணக்குக் காட்டவேண்டும், கணக்காளருக்கும் காசு கொடுக்கவேண்டும், வீட்டுக்கு பிளவுஸ் தைக்க வருகிற சனத்துக்கும் 18 வீதம் கூட்டவேண்டும். அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

படிவத்தில் 5 வீதம் வரி பிடித்துவைப்பு என்று ஏதாவது எழுதியிருந்தால் பயப்படவேண்டாம். தனி ஆளாக இருக்கிற பொறியியலாளர், கணக்காளர், மென்பொருள் செய்பவர் போன்றோருக்கு மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் கொடுக்கும்போது பிடிப்பது அது. நீங்கள் துணியும் உங்களுடையதாகத் தைத்து யூனிஃபோர்மாக விற்கிறீர்கள், அதனால் பில்லில் ‘தையல் சேவை’ என்று எழுதாமல் ‘யூனிஃபோர்ம் 120 செட்’ என்று எழுதுங்கள்.

அப்புறம் கடைசிப் பக்கத்தைக் கட்டாயம் வாசியுங்கள். ‘கிரெடிட் காலம்’ என்ற கட்டம் ஏற்கனவே நிரப்பி வந்திருக்கும், 45 நாள் அல்லது 60 நாள். கையெழுத்து வைத்தால் சம்மதம். அந்த நாள் கணக்கு சாமான் இறக்கிய அன்று தொடங்குகிறதா, பில்லை ஏற்றுக்கொண்ட அன்று தொடங்குகிறதா என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். துணிக்கு உடன் காசு கொடுத்துவிட்டு 60 நாள் இருக்க உங்களுக்குக் கட்டுமா என்று பார்க்க வேண்டும். நான் ஒருமுறை 30 நாளாக மாற்றிக் கேட்டேன், சின்னக் கடை என்று சொல்லி, ஒத்துக்கொண்டார்கள். கேட்காமல் விட்டிருந்தால் 60 தான்.

எல்லாம் அனுப்பிய பிறகு வெண்டர் இலக்கம் ஒன்று தருவார்கள். அதன் பிறகுதான் ஓடர் பேப்பர் வரும். வாங்கும் பகுதிக்காரர் "நீங்கள் தைக்கத் தொடங்குங்கோ, பேப்பர் வரும்" என்று போனில் அவசரப்படுத்துவார், அவருக்கு அந்தத் திகதிதான் முக்கியம். ஓடர் இலக்கம் கையில் வரும்வரை துணி வெட்டவேண்டாம். அந்த இலக்கத்தைப் பில்லிலும், சாமான் இறக்கும்போது அவர்களுடைய ஸ்டோர்ஸ் ஆள் கையெழுத்து வைக்கிற தாளிலும் எழுதிவிடுங்கள். என்னுடைய இரண்டாவது பில் திரும்பி வந்தது அது இல்லாததால்தான்.